வீட்டில் புத்தர் முன்பு திரிசரணமும் பஞ்சசீலமும்: வரிவரியாகப் பொருளோடு

"புத்தம் சரணம் கச்சாமி" என்ற வரியைக் கேட்டிராதவர் குறைவு. பொருள் கேட்டால் "பௌத்த மதத்தைச் சரணடைகிறேன்" என்றுதான் பலரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழப்பம் நம் காதிலிருந்து வருகிறது. மரம், பழம், சங்கம் என்று தமிழில் பெயர்ச்சொற்களே 'அம்' என்று முடிவதால் 'புத்தம்' என்பதையும் ஏதோ ஒன்றின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் பெயர் 'புத்த' என்பதோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் வரும் 'ம்' வேற்றுமை உருபு, நம்முடைய 'ஐ' செய்யும் வேலையை அங்கே செய்வது. ஆக 'புத்தம்' என்றால் 'புத்தரை'.

இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற வரிகளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும், ஏனென்றால் பாலி வரிகளின் பொருள் பெரும்பாலும் வேற்றுமையில்தான் இருக்கிறது. பள்ளியில் படித்த இரண்டாம், நான்காம், ஐந்தாம் வேற்றுமைகள் இங்கே உதவிக்கு வரும். புத்தர், தம்மம், சங்கம் என்ற மூன்றையும் புகலாகக் கொள்வது திரிசரணம், ஐந்து ஒழுக்கப் பயிற்சிகளை ஏற்பது பஞ்சசீலம். தேரவாத பௌத்த மரபில் இவை ஓதப்படும் பாலி வடிவத்தை, பிக்கு யாரும் உடன் இல்லாமல் வீட்டில் தனியாகச் சொல்லும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நிதானமாகச் சொன்னாலும் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இடமும் உடலும்

சுத்தமான ஓர் உயரமான பலகை போதும். நீங்கள் தரையில் உட்கார்ந்தால் சிலையோ படமோ உங்கள் தலைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். படுக்கும்போது கால் நீட்டும் திசையில் வைக்காதீர்கள். முன்னால் ஒரு விளக்கு, ஊதுவத்தி, கொஞ்சம் பூ, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இவற்றில் எது இல்லாவிட்டாலும் சரணமும் சீலமும் குறைபடாது. பூவும் விளக்கும் மரியாதைக்கானவை. சீலத்தை எடுத்துக்கொள்வது மனமும் வாயும் செய்கிற வேலை. சாளரமே இல்லாத அறையில் ஊதுவத்தி கொளுத்தி, இருமிக்கொண்டே ஓதுவதைவிட அதை விட்டுவிடுவது நல்லது.

பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூ வைக்கும்போது ஓதுகிற பாலிப் பாட்டு, இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று முடிகிறது. அதனால் காய்ந்த பூவை நாள்கணக்கில் அப்படியே விடாமல் மறுநாள் எடுத்துவிடுங்கள். வாடியதைக் கையில் எடுக்கிற அந்த நொடியில் பாட்டின் பொருள் தானாகவே புரியும்.

முகம் கைகால் கழுவி, விளக்கேற்றி, மூன்று முறை விழுந்து வணங்க வேண்டும். நெற்றி, இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால் என்று ஐந்து உறுப்புகளும் தரையில் படுவது முறை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் அமர்ந்து கைகூப்பினால் போதும். பிறகு மண்டியிட்டோ சம்மணமிட்டோ உட்கார்ந்து கைகளை மார்புக்கு நேரே குவித்துக்கொள்ளுங்கள்.

விகாரைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அங்கே முதலில் "அஹம் பந்தே…" என்று தொடங்கிப் பிக்குவிடம் சீலம் கேட்போம். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாம் திருப்பிச் சொல்வோம். வீட்டில் அந்தக் கேட்கும் பகுதி வேண்டியதில்லை. 'பந்தே' என்பது எதிரில் இருக்கும் பிக்குவை விளிக்கிற சொல். சீலத்தை இன்னொருவரிடமிருந்து பெறலாம், தானாகவும் ஏற்கலாம். தனியாக இருக்கும்போது நேரே வணக்க வரிக்கு வந்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு எச்சரிக்கை

பாலி வரிகளை நாம் தமிழ் எழுத்தில் வைத்துப் படிக்கிறோம். அதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் க, ச, த, ப இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் தானாக மெலிந்துவிடும், மெல்லினத்துக்குப் பின்னாலும் மெலியும். பாலியில் அப்படி இல்லை. 'துதியம்பி' என்று எழுதியிருப்பதைத் 'தம்பி' என்பதுபோல் வாசித்துவிடுகிறோம். நான் இரண்டு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முதிய பிக்கு சிரித்துக்கொண்டே, 'பி' என்பதைத் தனியாக, 'பின்' என்ற சொல்லின் தொடக்கம் போல அழுத்திச் சொல்லச் சொன்னார். 'பி' என்றால் 'உம்' என்று பொருள். துதியம் + பி, இரண்டாம் முறை + உம். பிரித்துச் சொன்னதும் ஒலி மட்டுமல்லாமல் பொருளும் வந்துவிட்டது.

சொல்லின் முதலில் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். 'கச்சாமி'யின் க, 'கங்கை'யில் வருவது போன்ற க. 'காட்டுகிறேன்' என்பதில் வருகிற க அல்ல. 'புத்தம்' என்பதைப் 'புத்தி' போலச் சொல்ல வேண்டும், 'புத்தகம்' போல அல்ல. 'தம்மம்' என்பதன் முதல் எழுத்து 'தர்மம்' என்பதில் இருப்பது. மற்றவற்றை அந்தந்த வரியில் சொல்கிறேன். வரிக் கடைசியில் உள்ள 'ம்' சில நாடுகளில் 'புத்தங் ஸரணங்' என்று மூக்கொலியாகக் கேட்கும். இரண்டும் சரிதான். ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே தொடருங்கள். உச்சரிப்பு பிசகினால் இல்லறத்தாரின் சரணம் செல்லாமல் போய்விடாது. ஆனாலும் வாயில் வருவது என்னவென்று தெரிந்து சொல்வதற்கு ஒலி துணை செய்கிறது.

வணக்க வரி, மூன்று முறை

நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ ஸம்மாஸம்புத்தஸ்ஸ

'நமோ' வணக்கம். மற்ற நான்கு சொற்களும் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றன, நம் 'கு' உருபு. தஸ்ஸ: அந்த அவருக்கு. பகவதோ: பேறுடைய பகவானுக்கு. அரஹதோ: அருகதை உடையவருக்கு, மனத்தின் அழுக்குகளை அழித்து முடித்தவருக்கு. ஸம்மாஸம்புத்தஸ்ஸ: முறையாகவும் தானாகவும் முழுதும் விழித்துணர்ந்தவருக்கு. 'ஸம்மா' செம்மையாக, 'ஸம்' தானாக, 'புத்த' விழித்தவர்.

சேர்த்துப் பார்த்தால், "பகவானும் அருகரும் முழுதுணர்ந்தவருமான அவருக்கு வணக்கம்." இந்த வரியில் எந்த வேண்டுதலும் இல்லை. பகவதோ, அரஹதோ இரண்டிலும் கடைசித் 'தோ'வை 'தோட்ட'த்தின் தோ போல அழுத்திச் சொல்லுங்கள். வழக்கப்படி மெலித்தால் 'பகவதோ' என்பது 'அதோ' என்று யாரையோ கைகாட்டுவது போல ஒலிக்கும்.

மூன்று சரணங்கள்

புத்தம் ஸரணம் கச்சாமி
தம்மம் ஸரணம் கச்சாமி
ஸங்கம் ஸரணம் கச்சாமி

'கச்சாமி' என்றால் 'போகிறேன்'. 'ஸரணம்' என்றால் புகலிடம். 'புத்தம்', 'ஸரணம்' இரண்டிலும் அதே இரண்டாம் வேற்றுமை 'ம்'. "புத்தரைப் புகலாகக் கொண்டு போகிறேன்" என்பது நெருக்கமான தமிழ். 'சரணடைகிறேன்' என்ற நம் வழக்கில் தோற்றவன் மண்டியிடுகிற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலி வினையில் அது கிடையாது, நடந்து போவதுதான் இருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில் அவள் மும்மணிகளையும் வணங்கி ஏற்கும் இடத்தில் 'சரண்சென்று அடைந்தபின்' என்று வருகிறது. சரணம், கச்சாமி இரண்டுக்கும் 'சரண் செல்லுதல்' எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். நான் தமிழில் சொல்லும்போது அதையே எடுத்துக்கொண்டு, "புத்தரைச் சரண் செல்கிறேன்" என்கிறேன்.

முதல் வரி யாரை நோக்கியது என்பது தெளிவு. சிலையை நோக்கியதல்ல. விழித்துணர்ந்து, வழியைக் காட்டிய ஆசிரியரை நோக்கியது. இரண்டாவது வரியில் 'தம்மம்' என்பது அவர் காட்டிய வழியும், அந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கிற இடமும். நோயாளி, மருத்துவர், மருந்து என்ற பழைய உவமையில் தம்மம்தான் மருந்து. மருத்துவரைக் கும்பிட்டுவிட்டு மருந்தைச் சாப்பிடாமல் வந்தால் நோய் தீராது.

மூன்றாவது வரியில்தான் பலர் தடுக்குவார்கள். "எந்தச் சங்கம்? எனக்குத் தெரிந்த பிக்குகளையா சரண் செல்கிறேன்? அவர்களில் ஒருவரின் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லையே?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புகலிடமாகச் சொல்லப்படுவது அரியர்களின் சங்கம். வழியில் கால்வைத்து விழிப்பின் நான்கு படிகளில் ஏதேனும் ஒன்றை எட்டியவர்கள், எட்டும் நிலையில் இருப்பவர்கள். சங்கத்தின் குணங்களைச் சொல்லும் பாலிப் பகுதி இவர்களை 'நான்கு இணை, எட்டுப் பேர்' என்கிறது. ஒரு தனிப் பிக்குவின் குறையால் இந்த வரி பொய்யாகிவிடாது. சங்கம் என்பது இயக்கத்தின் பெயரோ அமைப்பின் பெயரோ அல்ல.

இந்த வரி வழக்கத்துக்கு வந்த வரிசையும் சுவையானது. புத்தர் விழிப்படைந்த புதிதில் அவரைச் சந்தித்த தபுஸ்ஸ, பல்லிக என்ற இரண்டு வணிகர்கள் இரண்டு சரணங்கள் மட்டுமே சொன்னார்கள் என்று பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகம் சொல்கிறது. அப்போது சங்கம் என்று ஒன்று இல்லை. மூன்றையும் முதன்முதலாகச் சொன்ன இல்லறத்தார், வீட்டைவிட்டுப் புத்தரிடம் வந்த யசர் என்ற இளைஞரின் தந்தை. மகனைத் தேடிக்கொண்டு வந்த பணக்கார அப்பா, மகனின் காலணியைப் பார்த்துத் தடம் பிடித்து வந்தவர்.

இனி அதே மூன்று வரிகளை 'துதியம்பி' (இரண்டாம் முறையும்) என்று தொடங்கி ஒரு சுற்று, 'ததியம்பி' (மூன்றாம் முறையும்) என்று தொடங்கி ஒரு சுற்று சொல்ல வேண்டும். ஆக ஒன்பது வரிகள். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது மறந்துபோவது மிகச் சாதாரணம். வாய் ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருக்க மனம் அடுப்பில் வைத்த பாலுக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மறந்தால் அந்தச் சுற்றின் முதல் வரிக்குத் திரும்புங்கள், வணக்க வரி வரைக்கும் போக வேண்டாம். நான் முதல் சுற்றைப் பாலியில் மட்டும், இரண்டாவதை ஒவ்வொரு வரியோடும் தமிழ் சேர்த்து, மூன்றாவதை மறுபடி பாலியில் சொல்வேன். குழப்பம் அதோடு நின்றது.

குடும்பத்தில் மற்றவர்கள் வேறு சாமி கும்பிடுகிறார்கள், அவர்களோடு கைகூப்பினால் என் சரணம் முறிந்துவிடுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். பாலி உரைகள் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கின்றன. வணங்குவதற்கு உறவு, அச்சம், ஆசிரியர் என்ற மதிப்பு, 'இவரே மேலான புகல்' என்ற எண்ணம் என நான்கு காரணம் சொல்லி, நான்காவது காரணத்தோடு வேறிடத்தில் வணங்கினால்தான் சரணம் முறியும் என்கின்றன. பெரியவர்களுக்காக, உறவுக்காகக் கைகூப்புவது அதில் சேராது.

ஐந்து வரிக்கும் பொதுவான வால்

…வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

ஐந்து சீலங்களும் இப்படித்தான் முடிகின்றன. 'வேரமணீ' என்றால் விலகி நிற்றல். எதிலிருந்து விலகுவது என்பதை ஒவ்வொரு வரியின் முதல் சொல் 'ஆ' என்று நீண்டு காட்டுகிறது, பாணாதிபாதா, முஸாவாதா என்று. அது ஐந்தாம் வேற்றுமை. தமிழ் இலக்கணம் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று 'நீங்கல்', "மலையின் வீழ் அருவி" என்பதுபோல. பஞ்சசீலம் முழுவதையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிடலாம். 'ஸிக்கா' பயிற்சி (சிட்சை என்று நம்மிடம் வந்தது அதன் வடமொழி உறவு), 'பதம்' அடி. பயிற்சியின் ஓர் அடி. 'ஸமாதியாமி' என்றால் நன்றாக எடுத்துக்கொள்கிறேன், ஏற்கிறேன். உச்சரிப்பில் 'ஸிக்காபதம்' என்பதன் ப அழுத்தமானது, த மெலிந்தது. வழக்கப்படி படித்தால் ப மெலிந்துவிடும்.

முழு வாலும், "…இலிருந்து நீங்கும் பயிற்சியை ஏற்கிறேன்." கட்டளையிடுபவர் இந்த வாக்கியத்தில் இல்லை. 'கொல்லாதே' என்ற ஏவல் வடிவம் ஐந்து வரியில் எங்கும் வராது. எழுவாய் 'நான்', அதுவும் 'ஆமி' என்ற விகுதியில் ஒளிந்திருக்கிறது.

ஏற்றுக்கொண்டதால் என்ன மாறுகிறது? வாய்ப்பு வந்தபோது மனம் உறுத்தித் தவிர்ப்பது ஒன்று, முன்பே ஏற்றுக்கொண்டிருந்ததால் தவிர்ப்பது இன்னொன்று என்று உரைகள் பிரித்துச் சொல்கின்றன. இரண்டாவதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். மூத்த பிக்குவான ஒரு தேரரிடம் சீலம் ஏற்றிருந்த உழவர் ஒருவர், காணாமல்போன மாட்டைத் தேடி மலையேறினார். பெரும்பாம்பு ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டது. தோளில் கூர்மையான கைக்கோடரி. தலையை வெட்டிவிடலாம் என்று நினைத்தார், ஏற்றுக்கொண்ட சீலம் நினைவுக்கு வந்தது, தயங்கினார். இப்படி மூன்று முறை நினைத்துப் பார்த்து, உயிரை விட்டாலும் விடுவேன், பயிற்சியை விடமாட்டேன் என்று கோடரியைக் காட்டுக்குள் எறிந்தார். பாம்பு விட்டுவிட்டுப் போனது. பாம்பு போனதைவிட அந்த மூன்று முறை தயக்கம்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. 'ஸமாதியாமி' என்று காலையில் சொன்ன சொல், தேவைப்படும் நேரத்தில் கைக்கும் செயலுக்கும் நடுவே வந்து நிற்கிறது.

ஐந்து வரிகள்

பாணாதிபாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

'பாண' என்பது பிராணன், மூச்சுள்ளது. 'அதிபாத' என்பது வீழ்த்துவது. "உயிரை வீழ்த்துவதிலிருந்து நீங்கும் பயிற்சியை ஏற்கிறேன்." பாணாதிபாதா என்பதில் தி, பா, கடைசித் தா மூன்றையும் அழுத்திச் சொல்லுங்கள். 'மூச்சுள்ளது' என்பதால் மனிதர் மட்டுமல்லாமல் எறும்பும் இதற்குள் வரும், செடிகொடி வராது.

செயல் முழுமையாவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று உரைகள் கணக்கிடுகின்றன. அது உயிராக இருக்க வேண்டும், உயிர் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் அது சாக வேண்டும். தூக்கத்தில் புரண்டபோது கையடியில் கொசு செத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை, சீலம் முறியவில்லை. விழித்திருந்து, கையை ஓங்கி, அது பறந்து தப்பிவிட்டால் ஐந்தாவது இல்லை. சீலம் முறியவில்லை என்றாலும் எண்ணம் வந்துபோனது உண்மை. இந்தக் கணக்கைத் தப்பிக்கும் ஓட்டையாகப் பார்க்கக் கூடாது. நடந்து போகும்போது காலடியில் என்ன நசுங்கியதோ என்று நாள் முழுதும் வருந்துகிறவர்களுக்கு இது ஆறுதல். தெரிந்தே மருந்தடித்துவிட்டு "தானாகச் செத்தது" என்கிறவர்களுக்கு ஐந்தும் அப்படியே பொருந்தும்.

அதின்னாதானா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

அ + தின்ன + ஆதான. 'தின்ன' என்பதைத் தமிழ்த் 'தின்ன' என்று படித்துவிடாதீர்கள், பாலியில் அது 'கொடுக்கப்பட்ட'. "கொடுக்கப்படாததை எடுப்பதிலிருந்து." 'திருட்டு' என்ற சொல்லைவிட இது அகலமானது. திருடவில்லை என்று நாம் தைரியமாகச் சொல்லிவிடுவோம். கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அவ்வளவு வேகமாகப் பதில் வராது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்துசேர்ந்த பேனாக்களை எண்ணிப் பார்க்கலாம்.

காமேஸு மிச்சாசாரா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

'காமேஸு' ஏழாம் வேற்றுமைப் பன்மை, "காமங்களில்". 'மிச்சா' பிழையான, 'ஆசார' நடத்தை. "புலனின்பங்களில் பிழையாக நடப்பதிலிருந்து." 'மிச்சாசாரா' என்பதன் இரண்டாவது ச நம் வாயில் 'ஸ' ஆகிவிடும். 'மிச்சாச்சாரா' என்று எழுதியிருப்பதாக நினைத்துச் சொன்னால் சரியாக வரும், இரட்டிக்காமல்.

சொல் பொதுவாக இருந்தாலும் வழக்கில் இது பாலுறவைக் குறிக்கிறது. இன்னொருவருக்கு உரியவர், மண உறுதி செய்யப்பட்டவர், பெற்றோர் அல்லது உறவினர் காப்பில் உள்ளவர் என்று பாலி நூல்கள் வரிசையாகச் சொல்வதைப் பார்த்தால், ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையையும் காப்பையும் மீறுவதுதான் பிழை என்று புரியும். வற்புறுத்தலும் இதில் அடங்கும். கணவன் மனைவி உறவை இந்த வரி விலக்கவில்லை. முழு விலக்கு எட்டுச் சீலம் ஏற்கும் நாளுக்கு உரியது, அன்று இந்த வரியின் தொடக்கமே 'அப்ரஹ்மசரியா' என்று மாறிவிடும்.

முஸாவாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

'முஸா' பொய்யாக, 'வாத' பேசுதல். "பொய் பேசுவதிலிருந்து." இதற்கு நான்கு அங்கம். செய்தி உண்மையல்லாதது, ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்பவர் அதைப் புரிந்துகொள்வது. வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை, தலையாட்டினாலும் எழுதினாலும் முயற்சிதான். தவறான தகவலை உண்மை என்று நம்பிச் சொன்னால் இரண்டாவது அங்கம் இல்லை.

ஸுராமேரயமஜ்ஜபமாதட்டானா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி

நீளமான சொல், பிரித்தால் பயமில்லை. 'ஸுரா' மாவு, சோறு போன்றவற்றிலிருந்து எடுப்பது. 'மேரய' பூ, பழம், தேன், வெல்லம் போன்றவற்றைப் புளிக்கவைத்து எடுப்பது. 'மஜ்ஜ' மயக்குவது. 'பமாத' கவனம் தப்புதல். 'டான' நிலைக்களம். "கவனம் தப்புவதற்கு இடமான மது வகைகளிலிருந்து." முதல் நான்கு வரிகளும் செய்யும் செயலைச் சொல்கின்றன. இந்த ஒன்று மட்டும் காரணத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறது. மதுவுக்கு இங்கே சொல்லப்படும் குறை, மற்ற நான்கையும் காக்கிற கவனத்தை அது கரைத்துவிடுகிறது என்பதே. 'ஸுரா', 'மேரய' என்ற பெயரில் வராத போதைப் பொருள்களும் 'பமாதட்டான' என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. மூச்சு போதாவிட்டால் 'மஜ்ஜ'வுக்குப் பின் சற்று நிறுத்துங்கள். 'ரய' என்பதன் நடுவில் நிறுத்தினால் சொல் உடைந்துவிடும்.

முடிப்பதும், முறிந்தால் மீண்டும் எடுப்பதும்

ஐந்தும் ஆனபின் சிலர் "இமானி பஞ்ச ஸிக்காபதானி ஸமாதியாமி", இந்த ஐந்து பயிற்சிகளையும் ஏற்கிறேன், என்று மூன்று முறை சொல்வார்கள். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். விகாரையில் கடைசியில் வரும் 'ஸீலேன ஸுகதிம் யந்தி' என்ற பாட்டு சீலம் கொடுக்கிற பிக்குவின் பங்கு. சில நிமிடம் அமைதியாக இருந்து, மூன்று முறை வணங்கி எழுந்தால் முடிந்தது. வெளியே கிளம்பும் முன் விளக்கை அணைத்துவிடுங்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரியும் சுடரை நம்பி வீட்டைப் பூட்ட வேண்டாம்.

இவற்றைத் தனித்தனி வரிகளாக ஏற்பதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. தனித்தனியாக ஏற்றிருந்தால் ஒன்று முறியும்போது அது மட்டுமே முறியும், ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து ஏற்றிருந்தால் ஒன்று முறிந்தால் எல்லாம் முறியும் என்று ஒரு கருத்து பாலி உரையில் உண்டு. ஆகவே வரிகளைச் சுருக்கி "ஐந்து சீலங்களையும் ஏற்கிறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் முறிவது நான்காவது. போன வாரம் ஒரு நண்பர் தொலைபேசியில் "எங்கே இருக்கே?" என்றார். சட்டைப் பித்தானில் ஒரு கையும் தொலைபேசியில் ஒரு கையுமாக நின்றபடி "பாதி வழி வந்துட்டேன்" என்றேன். செய்தி உண்மையில்லை. நான் கிளம்பிவிட்டதாக அவர் நினைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. வாயால் சொன்னேன். "சரி, வா" என்று அவர் புரிந்தும்கொண்டார். நான்கும் சரியாகப் பொருந்தின, மற்ற நான்கு சீலங்களும் அப்படியே இருந்தன. அங்கே போனதும் "அப்போ நான் கிளம்பவே இல்லைடா" என்று சொன்னேன். "அது தெரியும், உன் பின்னாடி வீட்டு மின்விசிறி கிர்ருனு சத்தம் போட்டுச்சே" என்றான்.

முறிந்த சீலத்தைத் திரும்ப எடுக்கத் தனிச் சடங்கு எதுவும் இல்லை. மறுபடி அதே வரியைச் சொல்லி ஏற்பதுதான். மாலையில் திரும்பிவந்து விளக்கேற்றி, வணக்க வரியிலிருந்து தொடங்கி, நான்காவது வரியில் 'முஸாவாதா'வுக்குப் பின் கொஞ்சம் நிறுத்தினேன். அந்த மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு 'வேரமணீ' என்று தொடர்ந்தேன்.